டெவலப்பர் மெயிலில் மாட்டிக்கொண்ட டொமைன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறு நிறுவனங்களுக்கு மெயில், ஹோஸ்டிங் பார்த்துக் கொடுப்பது என் வேலை. வெப்சைட் செய்து கொடுத்தவர் போய்விட்டார், டொமைன் லாகினும் அவரோடு போய்விட்டது என்று மாதம் தவறாமல் யாராவது வருகிறார்கள். கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் .com போன்ற பொது டொமைன்களை மனதில் வைத்து எழுதியவை. .in டொமைனுக்குக் கீழே தனியாக ஒரு கேள்வி இருக்கிறது.

வருஷா வருஷம் பணம் கட்டுவது நாங்கள். லாகின் மட்டும் பழைய டெவலப்பரிடம். எங்கே ஆரம்பிப்பது?

யாருக்கும் போன் செய்வதற்கு முன்னால் lookup.icann.org பக்கத்தில் உங்கள் டொமைன் பெயரைப் போட்டுப் பாருங்கள். கமாண்ட் லைன் பழக்கம் உள்ளவர்கள் `whois` கொடுத்தும் பார்க்கலாம். நிறைய வரிகள் வரும். நமக்கு வேண்டியவை இவ்வளவுதான்:

```
Registrar:
Reseller:
Registrar Registration Expiration Date:
Domain Status:
Registrant Organization:
Name Server:
```

முதல் வரி, எந்த ரெஜிஸ்ட்ராரிடம், அதாவது டொமைனைப் பதிவு செய்து தரும் எந்தக் கம்பெனியிடம், டொமைன் இருக்கிறது என்று சொல்லும். டெவலப்பர் உங்களுக்குச் சொல்லியிருந்த பெயரும் இதுவும் வேறாக இருந்தால் இதையே நம்புங்கள். மூன்றாவது வரி எவ்வளவு அவசரம் என்று காட்டும். ஐந்தாவது வரியில் உங்கள் நிறுவனத்தின் பெயர் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. அந்தப் பக்கத்தை அப்படியே தேதியோடு பிடிஎஃப் ஆகச் சேமித்து வையுங்கள். பின்னால் யாராவது விவரங்களை மாற்றினால், முன்பு எப்படி இருந்தது என்று காட்ட அது உதவும்.

ரெஜிஸ்ட்ரார், ஹோஸ்டிங், டிஎன்எஸ் எல்லாம் ஒன்றுதானே?

மூன்றும் ஒரே கம்பெனியிடம் இருக்கலாம், இருக்க வேண்டும் என்பதில்லை. டொமைன் பெயர் ரெஜிஸ்ட்ராரிடம், வெப்சைட் கோப்புகள் ஹோஸ்டிங்கில், டொமைனை எங்கே அனுப்புவது என்கிற குறிப்புகள் டிஎன்எஸ்ஸில். டிஎன்எஸ் யாரிடம் என்பதை Name Server வரி காட்டிவிடும். ஹோஸ்டிங் கண்ட்ரோல் பேனல் லாகின் இருக்கிறது, அதனால் டொமைனும் கையில் இருக்கிறது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அந்த லாகினை வைத்து டொமைனைப் புதுப்பிக்கக்கூட முடியாது.

மெயில் ஐடி அவருடையது என்றால் டொமைனே அவருடையது ஆகிவிடுமா?

ஆகாது. கணக்கில் நுழையப் பயன்படும் மெயில் வீட்டுச் சாவி மாதிரி. Registrant என்ற இடத்தில் இருக்கும் பெயர்தான் பத்திரம். Registrant Organization இடத்தில் ஒரு நிறுவனத்தின் பெயர் இருந்தால், டொமைனை வைத்திருப்பது அந்த நிறுவனம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். பக்கத்தில் தொடர்புக்கு இருக்கும் ஆள் அதன் சார்பாக இருப்பவர், அவ்வளவுதான்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கணக்கின் லாகின் மெயில் வேறு, டொமைனின் Registrant மெயில் வேறு. இரண்டிலும் டெவலப்பர் தன் மெயிலையே போட்டிருப்பார், அதனால் ஒன்றுபோலத் தெரியும். மீட்கும்போது எதை மாற்றுகிறோம் என்பது முக்கியம். கடைசிக் கேள்வியில் இதற்குத் திரும்பி வருகிறேன்.

தேடினால் எல்லா இடத்திலும் REDACTED என்றுதான் வருகிறது. யார் பெயரில் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஐரோப்பாவின் தனியுரிமைச் சட்டம் 2018 மே மாதம் அமலுக்கு வந்ததிலிருந்து பெரும்பாலான ரெஜிஸ்ட்ரார்கள் இந்த விவரங்களை வெளியே காட்டுவதில்லை. மறைத்துக் கொடுக்கும் சேவையை டெவலப்பர் வாங்கியிருந்தால் அந்தச் சேவையின் பெயர் இருக்கும். எப்படி மறைத்திருந்தாலும் உண்மையான விவரம் ரெஜிஸ்ட்ராரிடம் இருக்கும்.

நேரடியாகக் கேட்டால் சொல்லமாட்டார்கள். ஆனால் உங்கள் நிறுவனத்தின் பெயரிலேயே மீட்பு விண்ணப்பம் கொடுத்தால், பதிவில் உள்ள பெயரோடு பொருந்துகிறதா இல்லையா என்பது அவர்கள் பதிலிலேயே தெரிந்துவிடும். அதற்கு முன் பழைய மெயில்களில் தேடிப் பாருங்கள். டொமைன் விவரங்கள் சரியாக உள்ளனவா என்று ரெஜிஸ்ட்ரார்கள் வருடம் ஒருமுறை நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்பது, பொது டொமைன்களுக்கு உலக அளவில் விதி வகுக்கும் அமைப்பான ஐகேனின் விதி. டெவலப்பர் எப்போதாவது அதை உங்களுக்கு ஃபார்வர்டு செய்திருந்தால் Registrant பெயர் அதிலேயே இருக்கும். 2018-க்கு முன் எடுத்த பழைய ஸ்கிரீன்ஷாட் ஏதாவது இருந்தால் அதுவும் நல்ல துப்பு.

வேலையை விட்டுப்போனவரின் கம்பெனி மெயில்தான் அதில் இருக்கிறது. அந்த ஐடியை டெலீட் செய்துவிட்டோமே?

இது இருப்பதிலேயே சுலபமான நிலைமை. மெயில் உங்கள் டொமைனில் ஓடுகிறது, அட்மின் பேனல் உங்களிடம் இருக்கிறது என்றால், அதே முகவரியை மறுபடி உருவாக்குங்கள். இல்லாவிட்டால் இப்போது இருக்கும் ஒருவரின் பெட்டிக்கு மாற்றுப் பெயராகச் சேர்த்துவிடுங்கள். பிறகு ரெஜிஸ்ட்ரார் பக்கத்தில் பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று கொடுத்தால் ரீசெட் மெயில் உங்களுக்கு வரும். கூகுள் வொர்க்ஸ்பேஸில் நீக்கிய பயனரை 20 நாட்களுக்குள் பழைய மெயில்களோடு மீட்கலாம். அந்தக் கெடு தாண்டினாலும் முகவரியைப் புதிதாக உருவாக்க முடியும், பழைய மெயில்கள்தான் இருக்காது.

இரண்டு இடத்தில் சிக்கும். ஒன்று, இரண்டடுக்குப் பாதுகாப்பு. ஓடிபி அவருடைய போனுக்குப் போனால் ரீசெட் செய்தும் உள்ளே போக முடியாது. நல்லபடியாக வேலையை விட்டுப்போனவர் என்றால் கூப்பிட்டுக் கேட்டாலே எண்ணைச் சொல்லிவிடுவார். இல்லையென்றால் ரெஜிஸ்ட்ராரிடம் ஆவணம் கொடுத்து அதை எடுக்கச் சொல்ல வேண்டும். இன்னொன்று, டொமைன் ஏற்கெனவே காலாவதியாகி டிஎன்எஸ் நின்றுபோயிருப்பது. அப்போது அந்த டொமைனில் எந்த மெயிலும் வராது, ரீசெட் மெயிலும் உட்பட. ஆவணங்கள் மட்டும்தான் வழி.

அது அவருடைய சொந்த ஜிமெயில். பாஸ்வேர்டு எங்களுக்குத் தெரியும். உள்ளே போய் ரீசெட் செய்துகொள்ளலாமா?

வேண்டாம். டொமைன் உங்களுடையதாக இருந்தாலும் அந்த ஜிமெயில் அவருடையது. அனுமதியில்லாமல் நுழைவது 2000-ம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-வது பிரிவில் வரும் விஷயம். நியாயம் முழுக்க உங்கள் பக்கம் இருக்கும்போது அவர் கையில் ஒரு புகாரை நீங்களே கொடுத்ததாகிவிடும். ரெஜிஸ்ட்ராரும், கணக்கு களவுபோய்விட்டது என்று அவர் எழுதினால் டொமைனைப் பூட்டிவைத்துவிட்டு விசாரிப்பார்.

டெவலப்பரிடம் என்னவென்று கேட்பது? கேட்டால் கோபத்தில் சைட்டை நிறுத்திவிடுவாரோ?

முதலில் டிஎன்எஸ் குறிப்புகளைப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு யார் அனுமதியும் வேண்டாம். கமாண்ட் லைனில் example.com இடத்தில் உங்கள் டொமைனைப் போட்டு இவற்றைக் கொடுங்கள்.

```
dig example.com NS +short
dig example.com A +short
dig example.com MX +short
dig example.com TXT +short
```

www, mail போன்ற துணைப் பெயர்களுக்கும் இதையே தனித்தனியாகக் கொடுத்துப் பாருங்கள். வெப்சைட் கோப்புகளையும் டேட்டாபேஸையும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பிறகு தைரியமாகப் பேசலாம்.

பாஸ்வேர்டு கேட்காதீர்கள். அந்தக் கணக்கில் இன்னும் பல வாடிக்கையாளர்களின் டொமைன்கள் இருக்கும், அவர் தரமாட்டார், தரவும் கூடாது. அதே ரெஜிஸ்ட்ராரிடம் நிறுவனத்தின் பெயரில் ஒரு கணக்கு திறந்து, "இந்த ஒரு டொமைனை மட்டும் இந்தக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள்" என்று கேளுங்கள். ஒரே ரெஜிஸ்ட்ராருக்குள் நடப்பதால் டொமைன் வெளியே போவதில்லை, வேறு ரெஜிஸ்ட்ராருக்குப் போகத் தேவைப்படும் டிரான்ஸ்ஃபர் கோடு வேண்டாம், சைட்டும் நிற்காது. அவருக்கு ஐந்து நிமிட வேலை. பெரும்பாலான டெவலப்பர்கள் கெட்டவர்கள் இல்லை. ஃபீல்டை விட்டுப் போயிருப்பார்கள், அல்லது உங்கள் டொமைனையே மறந்திருப்பார்கள். வக்கீல் நோட்டீசோடு ஆரம்பிக்காமல் வாட்ஸ்அப் செய்தியோடு ஆரம்பித்தால் முக்கால்வாசி கேஸ் அங்கேயே முடிந்துவிடும்.

ஆள் தொடர்பிலேயே இல்லை. ரெஜிஸ்ட்ராரிடம் என்ன காட்டவேண்டும்?

கணக்கு மீட்புக்கென்று ரெஜிஸ்ட்ரார்கள் ஒரு படிவமோ டிக்கெட் முறையோ வைத்திருப்பார்கள். அவர்கள் பார்ப்பது இரண்டு விஷயம்: பதிவில் உள்ள நிறுவனம் நீங்கள்தானா, எழுதுகிற ஆளுக்கு அதன் சார்பாகப் பேச அதிகாரம் இருக்கிறதா. முதலாவதற்கு நிறுவனப் பதிவுச் சான்றிதழ், ஜிஎஸ்டி சான்றிதழ், நிறுவனத்தின் பான் கார்டு, தனிநபர் தொழில் என்றால் உத்யம் சான்றிதழ். இரண்டாவதற்கு இயக்குநரோ பங்குதாரரோ கையெழுத்திட்ட லெட்டர்ஹெட் கடிதம், கையெழுத்திட்டவரின் புகைப்பட அடையாள அட்டை. ஆதார் கொடுத்தால் எண்ணை மறைத்த பிரதியைக் கொடுங்கள்.

பணம் கட்டிய ஆதாரம் துணைக்குத்தான். நிறுவனத்தின் கார்டில் ரெஜிஸ்ட்ராருக்கே நேராகக் கட்டியிருந்தால் அதற்கு நல்ல மதிப்பு உண்டு. டெவலப்பருக்கு ஜிபே செய்த ரசீதை மட்டும் வைத்துக்கொண்டு ரெஜிஸ்ட்ராரை நம்பவைப்பது கஷ்டம். ஆனால் அவர் கொடுத்த பில்லில் டொமைன் பெயர் எழுதியிருந்தால் பத்திரமாக வையுங்கள், பின்னால் வரும் ஒரு கேள்வியில் அது வேண்டியிருக்கும்.

கடிதத்தில் கதை வேண்டாம். டொமைன் பெயர், நிறுவனத்தின் பெயர், பழைய மெயில் யாருடையது, அவர் எப்போது விலகினார், இனி எந்த மெயில் இருக்கவேண்டும், அவ்வளவு போதும். புதிய மெயில் சிக்கலில் இருக்கும் அதே டொமைனில் இருக்கக்கூடாது.

ரெஜிஸ்ட்ராருக்கு எழுதினால் "உங்கள் ரீசெல்லரைக் கேளுங்கள்" என்கிறார்கள். ரீசெல்லர் யாரென்றே எங்களுக்குத் தெரியாது.

பெரும்பாலும் உங்கள் டெவலப்பர்தான் அந்த ரீசெல்லர். நம் ஊரில் வெப் டிசைன் செய்பவர்கள் பலர் மொத்த வியாபாரம் செய்யும் ரெஜிஸ்ட்ராரிடம் ரீசெல்லர் கணக்கு எடுத்து, அதிலிருந்து வாடிக்கையாளர்களுக்கு டொமைன் போட்டுக் கொடுப்பார்கள். அதனால்தான் கேள்விப்பட்டே இராத ஒரு கம்பெனியின் பெயர் Registrar வரியில் வருகிறது.

ரீசெல்லர் காணாமல் போனால் பொறுப்பு ரெஜிஸ்ட்ராரிடம்தான். தன் ரீசெல்லர்கள் விதிப்படி நடக்கிறார்களா என்பதற்கு ஐகேனிடம் ரெஜிஸ்ட்ரார்தான் பதில் சொல்லவேண்டும். ரீசெல்லருக்கு நீங்கள் அனுப்பிய மெயில், அது திரும்பி வந்த செய்தி, தேதி எல்லாவற்றையும் சேர்த்து, "ரீசெல்லர் பதில் தரவில்லை, Registrant என்ற முறையில் நேராகக் கேட்கிறோம்" என்று எழுதுங்கள். சாதாரண ஹெல்ப்டெஸ்க் அசையாவிட்டால் டிக்கெட் எண்ணைச் சொல்லி மேலே அனுப்பச் சொல்லுங்கள். ஐகேன் தளத்தில் புகார் கொடுக்கலாம். அவர்கள் பார்ப்பது ரெஜிஸ்ட்ரார் விதியை மீறினாரா என்பதை மட்டும். டொமைன் யாருடையது என்று ஐகேன் தீர்ப்பு சொல்லாது.

அப்போது பார்ட்னர்ஷிப், இப்போது பிரைவேட் லிமிடெட். பெயரே மாறிவிட்டது. அப்படி யாருக்காவது கிடைத்திருக்கிறதா?

கிடைத்திருக்கிறது. திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனம். 2016-ல் ஒரு ஃப்ரீலான்சர் .com போட்டுக் கொடுத்திருந்தார், அவர் பிறகு வெளிநாடு போய்விட்டார். லாகின் மெயில் அவருடைய சொந்த ஜிமெயில், டொமைன் ரீசெல்லர் வழியாக வந்தது, காலாவதிக்கு ஆறு வாரம்தான் இருந்தது. நல்ல வேளையாக Registrant Organization வரி மறைக்கப்படாமல் வெளியே தெரிந்தது. அதில் பழைய பார்ட்னர்ஷிப் பெயர்.

புதிய கம்பெனியின் ஜிஎஸ்டி சான்றிதழை அனுப்பினார்கள். பெயர் பொருந்தவில்லை என்று ரெஜிஸ்ட்ரார் திருப்பிவிட்டார். அவர் பக்கத்தில் அது சரிதான், "அன் கோ" என்று முடியும் பெயரும் "பிரைவேட் லிமிடெட்" என்று முடியும் பெயரும் ஒன்றென்று அவர் எப்படி அறிவார்? அடுத்த முறை இரண்டு பெயர்களையும் இணைக்கும் காகிதங்களை வைத்தோம்: பார்ட்னர்ஷிப் பத்திரம், அந்தத் தொழிலைப் புதிய கம்பெனி எடுத்துக்கொண்ட ஒப்பந்தம், இரண்டிலும் ஒரே பங்குதாரர்களின் கையெழுத்து, whois-ல் இருந்த அதே பழைய முகவரியோடு ஒரு பேங்க் ஸ்டேட்மென்ட். மேலே ஒரு பக்கத்தில் எந்தக் காகிதம் எதைக் காட்டுகிறது என்று வரிசையாக எழுதினோம். அதற்குப் பிறகு ரெஜிஸ்ட்ரார் பழைய ஜிமெயிலுக்கு ஓர் அறிவிப்பு அனுப்பி, மறுப்பு வருகிறதா என்று சில நாள் காத்திருந்து, டொமைனைப் புதிய கணக்குக்கு மாற்றிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகும் ஓர் ஆபத்து இருந்தது. நேம்சர்வர்கள் ஃப்ரீலான்சரின் ரீசெல்லர் கணக்கோடு சேர்ந்தவை. டொமைன் அங்கிருந்து வெளியே வந்ததும் அவற்றில் இருந்த குறிப்புகள் அழிந்துபோகலாம். முன்கூட்டியே `dig` எடுத்து வைத்திருந்ததால், மாற்றம் நடப்பதற்கு முன்பே வேறொரு டிஎன்எஸ் சேவையில் எல்லாவற்றையும் ஏற்றி வைத்திருந்தோம். வாங்குபவர்களின் ஆர்டர் மெயில்கள் நிற்கவில்லை.

வெப்சைட் வேலைக்குப் பாக்கிப் பணம் கொடுத்தால்தான் டிரான்ஸ்ஃபர் கோடு தருவேன் என்கிறார். அவருக்கு அந்த உரிமை உண்டா?

பாக்கி உண்மையாக இருந்தால் அது தனிக்கணக்கு. அதைக் கொடுப்பதா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். கோடு விஷயத்தில் விதி தெளிவாக இருக்கிறது. Registrant கேட்டால் ரெஜிஸ்ட்ரார் 5 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். பணத் தகராறு இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகக் கோடைப் பிடித்துவைக்கவும் கூடாது. டெவலப்பர் தரமறுத்தால் மேலே சொன்ன ஆவணங்களோடு ரெஜிஸ்ட்ராரிடம் நேராகக் கேளுங்கள். இதெல்லாம் Registrant நீங்களாக இருக்கும்போதுதான்.

தொகை சின்னதாக இருந்து காலாவதி நெருங்கினால், பணத்தைக் கொடுத்துவிட்டு டொமைனை வாங்கிக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். டொமைன் உங்கள் கணக்குக்கு வந்த பிறகு பணம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

Registrant பெயரே அவருடையதாக இருந்தால்?

இதுதான் கடினமான நிலைமை. ரெஜிஸ்ட்ராரைப் பொறுத்தவரை பத்திரம் அவர் பெயரில், நீங்கள் வெளியாள். ஆவணங்கள் எவ்வளவு கொடுத்தாலும் மாற்றமாட்டார்கள். பேச்சுவார்த்தை, அதற்குப் பிறகு சட்டம்.

யுடிஆர்பி என்று 1999-லிருந்து ஒரு நடுவர் முறை இருக்கிறது. உலக அறிவுசார் சொத்து அமைப்பில் ஒரு நடுவர் விசாரிக்க, ஐந்து டொமைன் வரை 1,500 டாலர். ஆனால் உங்களுக்கு டிரேட்மார்க் உரிமை இருக்கவேண்டும், அவர் கெட்ட எண்ணத்தோடு பதிவும் செய்து பயன்படுத்தவும் செய்தார் என்று காட்டவேண்டும். நீங்கள் சொல்லித்தான் பதிவு செய்தார் என்றால், இது ஒப்பந்தத் தகராறு, நீதிமன்றம் போங்கள் என்று நடுவர்கள் ஒதுங்கிவிடுவதும் உண்டு. அதனால் டெவலப்பர் கேஸ்களுக்கு இதை நான் முதலில் சொல்வதில்லை.

நம் நாட்டில் சிவில் நீதிமன்றம் போகலாம். சத்யம் இன்ஃபோவே வழக்கில் 2004-ல் உச்ச நீதிமன்றம், டொமைன் பெயருக்கும் டிரேட்மார்க் போன்ற பாதுகாப்பு உண்டு என்று சொல்லியிருக்கிறது. டொமைன் பெயர் எழுதிய பழைய பில், "எங்கள் கம்பெனிக்கு டொமைன் போடுங்கள்" என்று நீங்கள் அனுப்பிய மெயில், இவைதான் அங்கே உங்களுக்குப் பலம். வக்கீலைப் பார்க்கும்போது, வழக்கு முடியும்வரை டொமைனை யாருக்கும் மாற்றக்கூடாது என்ற இடைக்கால உத்தரவைப் பற்றி முதலில் பேசுங்கள்.

அடுத்த வாரம் காலாவதி. மீட்பு முடிய நாளாகும் போல. என்ன செய்வது?

முதலில் புதுப்பிக்க மட்டும் பாருங்கள். சில ரெஜிஸ்ட்ரார்கள் கணக்குக்கு வெளியே இருப்பவரிடமும் புதுப்பித்தல் பணத்தை வாங்கிக்கொள்வார்கள். சப்போர்ட்டைக் கூப்பிட்டுக் கேளுங்கள். பணம் கட்டியதால் உரிமை வந்துவிடாது, ஆனால் ஒரு வருட அவகாசம் கிடைக்கும். டெவலப்பரிடம் தொடர்பு இருந்தால் அவரிடமும் இதை மட்டும் கேளுங்கள். டொமைனைத் தரத் தயங்குபவர்கூட, உங்கள் பணத்தில் புதுப்பித்துக் கொடுக்கச் சம்மதிப்பார்.

தாண்டிவிட்டாலும் .com உடனே போய்விடாது. ரெஜிஸ்ட்ராரைப் பொறுத்து 45 நாள் வரை சாதாரணக் கட்டணத்தில் புதுப்பிக்கும் காலம் இருக்கலாம். நீக்கிய பிறகு 30 நாள் redemptionPeriod, அப்போது கூடுதல் கட்டணம். கடைசி 5 நாள் pendingDelete, அதில் யாராலும் எதுவும் செய்யமுடியாது. 45 என்பது உச்ச வரம்பு என்பதை மறக்கவேண்டாம். அதற்கு முன்பே ஏலம் விடும் ரெஜிஸ்ட்ரார்கள் இருக்கிறார்கள்.

எங்களுடையது .in. இதெல்லாம் பொருந்துமா?

ஆவணம், ரீசெல்லர், பேச்சுவார்த்தை எல்லாம் அப்படியே. ஐகேன் விதிகள் இங்கே செல்லாது. .in-க்கு மேலே இருப்பது நிக்சி என்கிற நம் நாட்டு அமைப்பு, அதனால் புகார் அங்கே போகவேண்டும். யுடிஆர்பிக்குப் பதில் ஐஎன்டிஆர்பி. .in-ல் விவரங்களை மறைக்கும் சேவைக்கு அனுமதி இல்லை, ஆகவே Registrant இடத்தில் நிஜப் பெயர்தான் இருக்கவேண்டும்.

கணக்கு கைக்கு வந்துவிட்டது. உடனே எல்லா விவரத்தையும் மாற்றி வேறு ரெஜிஸ்ட்ராருக்குப் போய்விடலாமா?

வரிசை முக்கியம். லாகின் மெயிலையும் பாஸ்வேர்டையும் இரண்டடுக்குப் பாதுகாப்பையும் உடனே மாற்றலாம், அதனால் எந்தப் பூட்டும் விழாது. Registrant பெயர், நிறுவனம், மெயில் ஆகியவற்றில் ஒன்றை மாற்றினால் 60 நாள் வெளி ரெஜிஸ்ட்ராருக்குப் போகமுடியாதபடி பூட்டு விழும். சில ரெஜிஸ்ட்ரார்கள் மாற்றுவதற்கு முன்பே இந்தப் பூட்டு வேண்டாம் என்று தேர்வு செய்ய விடுவார்கள், மாற்றிய பிறகு கேட்டால் கிடைக்காது. உறுதி செய்யும் மெயில் பழைய Registrant மெயிலுக்கும் போகலாம், அதனால் ஆவணம் கொடுக்கும்போதே அதையும் மாற்றித் தரச் சொல்லுங்கள். இருக்கும் ரெஜிஸ்ட்ரார் சுமாராக இருந்தாலும் அந்த 60 நாள் அங்கேயே இருப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

அப்புறம் கணக்குக்குள் ஒரு சுற்று பாருங்கள். டெவலப்பருக்குக் கொடுத்த கூடுதல் அணுகல், ஏபிஐ சாவி, தானாகப் புதுப்பிக்க இணைத்த பழைய கார்டு, மெயில் ஃபார்வர்டிங். `dig` பிரதியோடு டிஎன்எஸ்ஸை வரிக்கு வரி ஒப்பிடுங்கள். புதிய லாகின் மெயில் ஒருவருடைய பெயரில் இல்லாமல், முதலாளியும் கணக்காளரும் இருவரும் திறக்கும் பொதுப் பெட்டியாக, வேறு டொமைனில் இருக்கட்டும். மறுபுதுப்பித்தலுக்கு இரண்டு மாதம் முன்னால் இருவர் போனிலும் நினைவூட்டல் போட்டுவையுங்கள்.